மத்தியானப் புள்ளிகள்

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மிச்சமிருந்தது ஒரு ஃபிரிட்ஜும் ஒரு அளவுக்காரியும்தான். மற்ற எல்லாரும் ஊருக்கு வெளியே கட்டிய புது ஆய்வகத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போயாயிற்று. மேஜைகள் போய்விட்டன, நாற்காலிகள் போய்விட்டன, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக்கூட யாரோ புண்ணியவான் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருக்கிறது. அளவுக்காரி பழக்கதோஷத்தில் இன்னமும் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சே" என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்.

ஃபிரிட்ஜ் என்றதும் பாலும் தயிரும் வைக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது கூரைச் சட்டத்திலிருந்து பீப்பாய் மாதிரி தொங்குவது. விண்வெளியே வெதுவெதுப்பு என்று சொல்லுமளவுக்கு உள்ளே குளிர். அதன் அடிவயிற்றில் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. குவாண்டம் கணினிக்கான சில்லு, அதில் ஆறு க்யூபிட்கள், அதாவது அந்தக் கணினி கணக்குப் போடுகிற ஆறு அடிப்படை அலகுகள். பம்ப் மட்டும் நாள் முழுக்க "ட்சுக், ட்சுக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தலைவலி வரும். இவளுக்கு அது நின்றால்தான் வரும்.

அளவுக்காரி என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் "அளந்து பார்த்தியா?" என்று கேட்பாளாம். டீ சூடாக இல்லை என்று ஒருத்தன் சொன்னதற்குக்கூட அப்படிக் கேட்டாள் என்று ஒரு கதை உண்டு. அவள் மறுக்கவில்லை.

அவள் அளப்பது கேட்களின் பிழையை. ஒரு க்யூபிட்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்புகிற சின்ன மைக்ரோவேவ் துடிப்புக்கு கேட் என்று பெயர். நல்ல கேட் ஒன்றில் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சின்னதை ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. க்யூபிட்டைத் தயார் செய்வதிலும் கடைசியில் படிப்பதிலும் வருகிற தப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. இது அதில் மூழ்கிப்போகும்.

இதை அவள் ஒருமுறை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"கண்ணைக் கட்டிவிட்டு ஒருத்தரை நிக்க வெக்கிறோம்னு வெச்சுக்குங்கப்பா. இடது பக்கம் திரும்பு, பின்னாடி திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு வாய்க்கு வந்தபடி சொல்லிட்டே போறோம். கடைசியா, அத்தனையையும் கூட்டிப் பார்த்து, பழையபடி வாசலைப் பார்த்து நிக்க வெக்கிற மாதிரி ஒரே ஒரு திருப்பம். ஒவ்வொரு திருப்பமும் சரியா இருந்தா வாசலைப் பார்த்து நிப்பாரு. கொஞ்சம் கொஞ்சம் பிசகினா?"

"எங்கயாவது பாத்துக்கிட்டு நிப்பாரு."

"அதான். பத்துத் திருப்பத்துக்கு எத்தனை தடவை சரியா நிக்கிறாரு, நூறுக்கு எத்தனை, ஆயிரத்துக்கு எத்தனைன்னு பார்த்தா, நீளம் ஏற ஏற அந்தக் கணக்கு ஒரே வீதத்துல இறங்கும். அந்த வளைவு எவ்வளவு வேகமா இறங்குதுங்கறதுதான் ஒரு திருப்பத்தோட சராசரிப் பிழை. ஆரம்பத்துல தப்பா நிக்க வெச்சாலும், கடைசியில தப்பாப் பார்த்தாலும், அது எல்லா நீளத்துக்கும் ஒரே மாதிரிதானே? வளைவு மேல கீழ நகரும். இறங்கற வேகம் மாறாது."

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எவ்வளவு தூரம் இறங்கும்?" என்று கேட்டார்.

"பாதி வரைக்கும். சரியா தப்பான்னு காசு சுண்டிப் பார்க்கற நிலைமை வந்துட்டா அதுக்குக் கீழ போக என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. புரிந்ததா, மகளுக்காகத் தலையாட்டினாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

புது ஆய்வகத்துக்கு அவள் ஏன் போகவில்லை என்பதற்குக் காரணமே அப்பாதான். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்பா வேறு ஊரில், அந்த வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். தினமும் மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும் இவளுடைய டேப்லெட்டைக் கூப்பிடுவார். "சாப்டியா?" "சாப்டேன்பா. நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீடியோவை இரண்டு பேரும் அணைக்க மாட்டார்கள். அவர் பேப்பர் படிப்பார், நாற்காலியிலேயே கண்ணயர்வார், எழுந்து இருமுவார். இவள் இங்கே வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம் இவள் கிளம்பும்போது, "வெக்கட்டுமாப்பா?" "ம், வெச்சுடு." பாவம், மத்தியானம்தான் அவருக்கு யுகமாகப் போகும், நாம் லைனில் இருந்தால் கொஞ்சம் ஆறுதல் என்று அவள் நினைத்தாள். புது ஆய்வகத்தில் வாசலிலேயே போன், டேப்லெட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அங்கே போனால் அப்பாவின் மத்தியானம் அம்போதான்.

ஆகவே, பழைய ஃபிரிட்ஜைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது அவள் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்த ஃபிரிட்ஜுக்கே ஆபத்து வந்திருந்தது.

குழுத்தலைவரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் "ஆகட்டும் சார்" என்பார்கள். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார், அது நடக்கவே நடக்காது. ஆனால் இந்தத் தடவை போனில் அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"உங்க சில்லோட பிழை ஆயிரத்துக்கு ஒண்ணே காலுக்குப் போயிடுச்சும்மா. இடம் மாறுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குக் கீழ இருந்தது. நடுவுல ஃபிரிட்ஜை ஒரு தடவை சூடு பண்ணிக் குளிர வெச்சோமே, அதுல சில்லு கெட்டிருக்கும். இந்த வார முடிவுக்குள்ள ஒண்ணுக்குக் கீழ காட்டினா வெச்சுக்கலாம். இல்லைன்னா ஃபிரிட்ஜை அணைச்சுடச் சொல்லி மேலிடத்துல முடிவாயிடுச்சு. நீங்க இங்க வந்துடுங்க, உங்களுக்கு சீட் போட்டு வெச்சிருக்கேன்."

"சார், வளைவே சரியில்லை சார். பாதி நீளம் வரைக்கும் அழகா இறங்குது. அதுக்கப்புறம் படிக்கட்டுல காலை விட்ட மாதிரி தொபுக்குன்னு விழுது."

"நீளமான வரிசைன்னா துடிப்பு நிறைய. சில்லு சூடாகுது. வேற என்ன? வயசாச்சும்மா அதுக்கு."

போனை வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குட்டையான வரிசைகளின் புள்ளிகள் எல்லாம் ஒரு வளைவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஐந்நூறு கேட் தாண்டியதும் புள்ளிகள் எல்லாம் ஒரு படி கீழே நின்றன. கணினி அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கோட்டை இழுத்து, யாருக்கும் பொருந்தாத சட்டையைத் தைத்துக் கொடுத்திருந்தது.

அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. மறைப்பானேன், வந்தது. நீளமான வரிசைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் குட்டைகளை மட்டும் வைத்து வளைவைப் பொருத்தினாள். ஆயிரத்துக்கு முக்கால்! பாஸ்! அரை நிமிஷம் அந்த எண்ணை ஆசையாகப் பார்த்தாள். அப்புறம் அவளே தலையில் அடித்துக்கொண்டாள். வளைவு எங்கே போய்த் தரைதட்டுகிறது என்று காட்டுவதே நீளமான வரிசைகள்தான். அவற்றை வெட்டிவிட்டால் தரையை இங்கே வை, அங்கே வை என்று எப்படி வேண்டுமானாலும் இழுத்து, வேண்டிய எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அந்த வித்தையைச் செய்த ஒரு பையனை அவளே ஒருமுறை கூட்டத்தில் நார்நாராகக் கிழித்திருக்கிறாள். படத்தை அழித்தாள். காது மடல் சுட்டது.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். "ஏன் பாப்பா முகம் ஒரு மாதிரி இருக்கு?" நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"ஒண்ணும் இல்லப்பா. சில்லு மக்கர் பண்ணுது."

"வண்டி மக்கர் பண்ணினா எப்ப மக்கர் பண்ணுதுன்னு பார்க்கணும். மேடு ஏறும்போதா, சூடானப்புறமா..."

"சூடானப்புறம்தான்பா."

"அப்ப ரேடியேட்டர்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வரும்போல இருந்தது. வார முடிவில் இந்த லைன் போய்விடும். நாலு மணிக்கு இருமினால் காதில் வாங்க ஒரு ஆள்கூட இல்லாமல் அவர் அந்த வீட்டில் என்ன செய்வார்?

மறுநாள் காலையில் அளவெடுக்கிற ஓட்டத்தை ஆரம்பிக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஓட்டம் ஒரு நாள் முழுக்க நடக்கும். துடிப்புகளை அனுப்புகிற சிக்னல் பெட்டி பழசு. ஒவ்வொரு வரிசையையும் அதில் ஏற்றுவதற்குள் உயிர் போகும். ஒவ்வொரு நீளத்துக்கும் நூறு விதமான கண்டபடி வரிசைகள், அவை ஒவ்வொன்றையும் ஆறு க்யூபிட்டிலும் ஆயிரம் தடவை. அவளுடைய நிரல் அதை எப்படிச் செய்தது? முதலில் குட்டை, அப்புறம் கொஞ்சம் நீளம், அப்புறம் இன்னும் நீளம் என்று ஏறுவரிசையில். அப்படிச் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நீளங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நேரம் போகப்போக ஆய்வகத்தில் நடக்கிற மாற்றமும், நீளம் ஏற ஏற நடக்கிற மாற்றமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பார்க்கவே முடியாது. கேட்களை மட்டும் கண்டபடி பொறுக்கி எடுத்து என்ன புண்ணியம், நீளங்களை வரிசையில் நிற்க வைத்தால்?

தெரிந்தும் ஏன் செய்தாள் என்றால், அதற்குக் காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. எல்லாரும் போனதற்கு அப்புறம் அந்த அறையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. காலையில் மேலே ஒரு புள்ளி விழும். அப்புறம் அதற்குப் பக்கத்தில், சற்றுக் கீழே, இன்னொன்று. நாள் முழுக்க ஒவ்வொரு புள்ளியாக வளைவு இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தெருவில் யாரோ தெரிந்தவர் நடந்து வருவதைப் பார்ப்பதுபோல அது அவளுக்கு ஒரு துணை. அதற்காகத்தான் கலைக்கிற வரியை நிரலிலிருந்து எடுத்திருந்தாள்.

"அளந்து பார்த்தியா, அளந்து பார்த்தியான்னு ஊரையே கேட்டியே, உன் புத்தியை யாரு அளக்கிறது?" என்று வாய்விட்டே திட்டிக்கொண்டாள். பம்ப் "ட்சுக்" என்றது.

அந்த வரியைத் திரும்பச் சேர்த்து ஓட விட்டாள். அன்று முழுக்கப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. மத்தியானம் அப்பா வந்தார், பேப்பர் படித்தார், தூங்கினார். சாயங்காலம் எல்லாம் முடிந்ததும் அவள் வளைவைத் திறந்தாள். படிக்கட்டைக் காணோம்! சில புள்ளிகள் வளைவின் மேல் இருந்தன, சில கீழே விழுந்து கிடந்தன. ஆனால் விழுந்தவற்றில் குட்டையும் இருந்தது, நீளமும் இருந்தது.

நீளத்தால் சூடாகிறது என்றால் நீளமானவை மட்டும்தானே விழ வேண்டும்?

நீளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியும் அளக்கப்பட்ட நேரத்தை வைத்து அடுக்கிப் பார்த்தாள். பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. காலையில் அளந்தவை எல்லாம் சுத்தம். மத்தியானத்துக்கு மேல் அளந்தவை எல்லாம் பழுது. சில்லுக்கு ஒரு கேடும் இல்லை. மத்தியானத்துக்குத்தான் ஏதோ கேடு.

"மத்தியானம் அப்படி என்னடா இங்க நடக்குது?" என்று எழுந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். கீழ் மாடிகள் காலி. லிஃப்ட் ஓடுவதே இல்லை. ஏசி நாள் முழுக்க ஒரே மாதிரி. இந்தக் கட்டடத்தில் மத்தியானம் நடப்பது ஒன்றே ஒன்றுதான். மெதுவாகத் திரும்பி டேப்லெட்டைப் பார்த்தாள். திரையில் அப்பா மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது அம்மா வைத்திருந்த டேப்லெட். பேட்டரி செத்துவிட்டது, வயரைப் பிடுங்கினால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. முன்பெல்லாம் அவளுடைய மேஜையோரச் சுவரில் செருகியிருந்தாள். மேஜையும் எக்ஸ்டென்ஷன் வயர்களும் வண்டியேறிப் போனதற்கு அப்புறம், உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது கருவிகளின் அலமாரியில் இருக்கும் மின்பலகை ஒன்றுதான். நடைபாதைக் கடையில் வாங்கிய மட்டமான சார்ஜரைத் தினமும் அப்பா கூப்பிடுகிற நேரத்துக்கு அதில் செருகுவாள், கிளம்பும்போது பிடுங்குவாள். அதே பலகையில்தான் க்யூபிட்களின் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துகிற மின்னோட்டப் பெட்டியும் செருகியிருந்தது. பலகைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "இதில் வேறு எதையும் செருகினால் கையை ஒடிப்பேன்." அவளுடைய கையெழுத்துத்தான்.

"அப்பா, ஒரு நிமிஷம் வெச்சுட்டுக் கூப்பிடறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

ஒரே ஒரு நீளத்தை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். சார்ஜரைப் பிடுங்கினாள்; சரியாகத் திரும்பி வருகிற பங்கு ஏறியது. செருகினாள், இறங்கியது. பிடுங்கினாள், ஏறியது. செருகினாள், இறங்கியது. சார்ஜரின் இரைச்சல் மின்னோட்டத்தை நடுங்க வைக்கிறது. அதில் க்யூபிட்டின் அதிர்வெண் ஆடுகிறது. ஒரு அதிர்வெண்ணுக்கென்று சரிசெய்து வைத்த துடிப்புகள் கொஞ்சம் கொஞ்சம் பிசகுகின்றன. அப்பாவோடு இருக்க வேண்டும் என்றுதான் இந்த ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவை வைத்திருந்த வயர்தான் ஃபிரிட்ஜுக்கு உலை வைத்திருக்கிறது. இதற்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் சார்ஜரை வெளியே தாழ்வாரத்துச் சுவரில் செருகிப் பார்த்தாள். அது வேறு லைன். பங்கு ஏறிய இடத்திலேயே நின்றது, கொஞ்சமும் அசையவில்லை. அப்பாடா! கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு அப்பாவை அதில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஃபிரிட்ஜும் இருக்கும், அப்பாவும் இருப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனாலும் நாளைக்கு ஓடப்போவது மேலிடத்துக்குக் காட்டுகிற ஓட்டம். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொள்வோம், டேப்லெட்டே வேண்டாம் என்று முடிவு பண்ணி அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள் மத்தியானம் லைன் வேண்டாம்பா. முக்கியமான அளவு. தப்பா நினைச்சுக்காதீங்க. தனியா இருந்துப்பீங்கல்ல?"

"எனக்கென்ன? நீ இருந்துப்பியா?"

"நான் இருந்துப்பேன்பா."

"அப்ப சரி" என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானத்தை அவள் பார்த்ததே இல்லை. சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்தாள். கடிகாரத் தடத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டேப்லெட் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. யாரும் "சாப்டியா?" என்று கேட்கவில்லை. புள்ளிகள்கூட வரிசையாக வராமல் கண்ட இடத்தில் விழுந்ததால் பார்த்துக்கொண்டிருக்க அதுவும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஒருத்தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கழுவி முடித்து உள்ளே போகும்வரை பார்த்தாள். இப்படித்தானே அப்பாவும் அங்கே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், பாவம் என்று நினைத்தாள். சத்தியமாக ஒருமுறை பீரோ வரைக்கும் போய்க் கைப்பிடியில் கை வைத்துவிட்டு வந்தாள்.

ஓட்டம் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வளைவைப் பொருத்தினாள். புள்ளிகள் ஒன்றுவிடாமல் அதன் மேல் உட்கார்ந்தன. தரை சரியாகப் பாதியில் நின்றது. ஆறு க்யூபிட்டின் சராசரி: ஆயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே, முக்காலும் கொஞ்சமும். யாரையும் வெட்டாமல், எதையும் பூசி மெழுகாமல் வந்த எண். காலையில் அளந்தவற்றையும் மத்தியானம் அளந்தவற்றையும் தனித்தனியே பொருத்திப் பார்த்தாள். இரண்டும் ஒன்றே.

தலைவருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, சார்ஜர் சமாசாரத்தையும் ஏறுவரிசைச் சொதப்பலையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"கையை ஒடிப்பேன்னு ஒட்டினது நீங்கதானே?"

"ஆமா சார். ஒடிச்சுக்கறேன்."

"வேண்டாம், கை தேவைப்படும். ஃபிரிட்ஜ் இருக்கட்டும்னு மேல சொல்லிடறேன். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். ஆனா ஒண்ணும்மா, ஒத்தாசைக்கு ஆள் அனுப்ப முடியாது. ரெண்டு வருஷமும் நீங்க ஒருத்தர்தான். நடுவுல வேண்டாம்னு சொல்லக் கூடாது. வேணும்னா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு? நானே பார்த்துக்கறேன்."

"ஆகட்டும்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்ன ஆகட்டும் ஆகிவிட்டது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. போச்சு, ஒரு நாள் தனியாக விட்டோம், என்ன ஆச்சோ, விழுந்து கிழுந்து கிடக்கிறாரோ என்று பதறிப்போனாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். ஒரே கூச்சல், சிரிப்பு.

"ஹலோ! யாரு, பாப்பாவா? நான்தாம்மா, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். உங்கப்பா சீட்டு கலைச்சுக்கிட்டிருக்காரு, கை ஒழியல."

"சீட்டா?"

"பின்னே? மத்தியானம் ஆரம்பிச்சது. மூணு ஆட்டமா எங்களை மொட்டை அடிக்கிறாரு மனுஷன். ஒரு வருஷமா கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. 'இல்ல டாக்டர், அவ அம்மா போனதுல இருந்து பொண்ணு ஒத்தையாயிட்டா. இப்ப அத்தனை பெரிய கட்டடத்துலயும் தனியா உக்காந்திருக்கா. மத்தியானத்துல நான் லைன்ல இல்லைன்னா அது ஏங்கிப்போயிடும்'னு சொல்லிட்டு வரவே மாட்டாரு. எங்க எல்லாருக்கும் ஆட்டமே மத்தியானம்தான். விளக்கு வெச்சுட்டா ஆளுக்கொரு வேலை. இன்னைக்குத்தான் நீ லீவு குடுத்தியாம்!"

"யோவ், குடுய்யா அதை!" என்று அப்பாவின் குரல் கேட்டது. போன் கை மாறியது. "பாப்பா? அந்த ஆள் ஏதோ உளர்றான், நீ காதுல போட்டுக்காத. அளவு என்ன ஆச்சு?"

முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். அவரா ஒரு வருஷம், நாள் தவறாமல், பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டு, உட்கார்ந்தே தூங்கிக்கொண்டு, திரைக்கு முன்னால் காவல் இருந்தார்? அவரைத் தனியாக விடக் கூடாது என்று இவள். இவளைத் தனியாக விடக் கூடாது என்று அவர். அதற்காக அவர் கூட்டத்தை விட்டார், இவள் கூட்டத்தை விட்டாள். ரெண்டு வருஷத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டாள்.

"பாப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்பா. பாஸ் ஆயிடுச்சு. முக்காலுக்குக் கிட்ட."

"பலே! எனக்கு அப்பவே தெரியும். எது மக்கர்? ரேடியேட்டரா?"

"இல்லப்பா." அவள் தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்தாள். ஸ்டூல் கதவோரம் தயாராக நின்றது. "டேப்லெட்தான்பா. வீடியோ ஓடினா இரைச்சல் வந்து அளவைக் கெடுக்குது."

"வேற எங்கயாவது செருகிப் பாரேன்."

வாழ்க்கை முழுக்க எண்ணில் ஒரு புள்ளிகூடப் பொய் சொல்லாத அளவுக்காரி, "பார்த்துட்டேன்பா. எங்க செருகினாலும் வருது" என்றாள். "இனிமே மத்தியானம் லைன் வெக்க முடியாது. நான் வீட்டுக்குப் போனப்புறம் கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் அவர் குரலை இறக்கிக் கேட்டார். "தினமுமா? அப்ப மத்தியானம் முழுக்க நீ...?"

"இங்க ஆள் வருதுப்பா ஒத்தாசைக்கு. புதுசா. வாயாடி. பேசியே கொல்லும். நீங்க கவலைப்படாதீங்க."

"அப்படியா? அப்ப சரி, அப்ப சரி." அந்தக் குரலில் ஏறிய சந்தோஷத்தை அவர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "உன் வேலைதான் முக்கியம் பாப்பா. எனக்கென்ன, நான் எப்படியோ ஓட்டிப்பேன். ராத்திரி கூப்பிடு. வெச்சுடட்டுமா?"

"வெச்சுடுங்கப்பா."

அவர் வைக்கவில்லை. வைத்ததாக நினைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்போல. துணி உரசியது. நாற்காலி இழுபட்டது. "என்னய்யா, கலைச்சாச்சா? போடு, போடு. நாளைக்கும் நான் உண்டு, சொல்லிட்டேன்" என்று அப்பா சொல்ல, ஒரு கூட்டமே ஓவென்று சிரித்தது. அம்மா போனதற்கு அப்புறம் அப்பா இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

போனைக் காதில் வைத்தபடி அவள் ஒரு ஆட்டம் முழுக்கக் கேட்டாள். அப்பா ஜெயித்தார். அப்புறம் அவளே சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனைத் துண்டித்தாள். ஸ்டூலைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நாளைக்கான ஓட்டத்தைத் தயார் பண்ண உட்கார்ந்தாள்.